பேட்டில் பாஸ் வாங்கலாமா? 35-ஆம் படியில்தான் பாதி வழி

வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் 2020 ஜூனில் வந்ததிலிருந்து நான் அதை ஆடுகிறேன். பகலில் அலுவலகம், இரவில் சாப்பிட்ட பிறகு நண்பர்களோடு இரண்டு மேட்ச், சனி ஞாயிறில் கொஞ்சம் கூடுதல். இலவச கேம், ஆட யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் ஆக்ட் என்ற சுமார் இரண்டு மாத சீசன் ஒவ்வொன்றும் தொடங்கும்போது புதிய பேட்டில் பாஸ் வரும், விலை 1,000 விபி. விபி என்பது காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம். நம் ஊர்க் கணக்கில் 800 ரூபாயை ஒட்டி வரும். கத்தி, இரண்டு மூன்று துப்பாக்கி வரிசைகளுக்குத் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், பிளேயர் கார்டு, ஸ்பிரே, துப்பாக்கியில் தொங்கவிடும் குட்டிப் பொம்மைகள் என்று ஐம்பது படிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 'கடையில் ஒரு நல்ல ஸ்கின் மட்டுமே 1,775 விபி, இங்கே 1,000-க்கு இவ்வளவா!'

அந்த ஒப்பீடே தப்பான இடத்தில் தொடங்குகிறது. கடையில் காசு கொடுத்தால் பொருள் கைக்கு வந்துவிடும். பாஸில் காசு கொடுத்தால் படிகளில் ஏறும் உரிமைதான் கிடைக்கும், ஏறுவது நம் வேலை. அதனால் விலையை விட முக்கியமான கேள்வி, ஆக்ட் முடியும் நாளில் நான் எந்தப் படியில் நிற்பேன் என்பது. அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். நான் பல ஆக்ட்களாகச் செய்வதும் அதைத்தான்.

முதலில் படிகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்ப்போம். வாலரண்டில் முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏற 2,000 எக்ஸ்பி போதும். எக்ஸ்பி என்பது ஆட ஆடச் சேரும் புள்ளிகள். அடுத்த படிக்கு 2,750. இப்படி ஒவ்வொரு படிக்கும் 750 கூடிக்கொண்டே போகும். 49-லிருந்து 50-க்கு ஏற மட்டும் 38,000 வேண்டும். மொத்தம் கூட்டினால் 9,80,000 எக்ஸ்பி. அதற்கு மேலே எபிலாக் என்று இன்னும் ஐந்து படிகள், ஒவ்வொன்றுக்கும் 36,500.

இந்தக் கட்டமைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 25-ஆம் படிக்கு வந்தால் பாதி வந்துவிட்டோம் என்று தோன்றும், திரையில் இருக்கும் பட்டையும் அப்படித்தான் காட்டும். ஆனால் 25-ஆம் படி வரை தேவைப்படுவது 2,55,000 எக்ஸ்பிதான், அதாவது மொத்தத்தில் கால் பங்கு. 35-ஆம் படியில்தான் 4,88,750 வரும், பாதி வழி அதுதான். 40-ஆம் படிக்கு வந்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை பாக்கி இருக்கும். கடைசிப் பத்துப் படிகளுக்கு மட்டும் ஏறக்குறைய மூன்றரை லட்சம். எல்லாரும் ஆசைப்படும் கத்தி வழக்கமாக 50-ஆம் படியில் இருக்கிறது.

எக்ஸ்பி எங்கிருந்து வருகிறது? சாதாரண மேட்சிலும் ரேங்குக்காக ஆடும் காம்பெடிடிவிலும் ஜெயித்த ஒவ்வொரு ரவுண்டுக்கும் 300, தோற்ற ரவுண்டுக்கு 100. 13-9 என்று ஜெயித்தால் 4,800. அதே கணக்கில் தோற்றால் 4,000. ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆடும் நேரம்தான் கணக்கில் வருகிறது. சராசரியாக ஒரு மேட்சுக்கு 4,400 என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு முப்பத்தைந்து நாற்பது நிமிடம் ஆகும். குறுகிய ஆட்ட வகைகளில் ஸ்பைக் ரஷ் ஒரு ஆட்டத்துக்கு 1,000, டெத்மேட்ச் 900. இவை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் வேகமாக ஏறலாம் என்று நினைப்பார்கள். நிமிடக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் முழு மேட்சே கொஞ்சம் மேல்.

இதோடு வாராந்தரப் பணிகள் இருக்கின்றன. வாரத்துக்கு மூன்று, ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல் தரும், ஆக்ட் போகப் போக அது கூடும். ஒரு வாரம் ஆடாவிட்டால் அவை போய்விடாது, ஆக்ட் முடியும்வரை வரிசையில் காத்திருக்கும். தினசரிக்கும் கொஞ்சம் எக்ஸ்பி உண்டு, அது அன்றோடு சரி.

இதையெல்லாம் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இரண்டு வாரம் வழக்கம்போல ஆடிவிட்டு, எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்தால் போதும். மேட்ச், பணி, தினசரி எல்லாம் அதில் அடங்கிவிடும். படி எண்ணை மட்டும் அப்படியே பெருக்கிவிடக் கூடாது. அதை எக்ஸ்பியாக மாற்றித்தான் பெருக்க வேண்டும்.

என் சித்தி மகன் விஷயத்தில் இதைத்தான் செய்தோம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு ஆக்ட் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது போன் செய்தான்.

"அண்ணா, பாஸ் வாங்கிடட்டுமா? ரெண்டு வாரத்துல 18-வது டியர் வந்துட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கு, ஈஸியா முடிச்சிடுவேன்."

அவன் கணக்கு நேரானது. இரண்டு வாரத்துக்கு 18 என்றால் எட்டு வாரத்துக்கு 72, ஆக 50 தாண்டி எபிலாக்கும் சேர்த்து முடிந்துவிடும்.

"சரி, 18-வது வரைக்கும் மொத்தம் எவ்வளவு எக்ஸ்பி ஆச்சுன்னு பாரு" என்றேன். 1,36,000 வந்தது. வாரத்துக்கு 68,000. எட்டு வாரத்துக்குப் பெருக்கினால் 5,44,000. அது அவனை 36-ஆம் படியில் கொண்டுபோய் நிறுத்தும், 50-க்குப் பக்கத்தில்கூட வராது.

"அப்புறம் செமஸ்டர் எப்போ?" என்று கேட்டேன். ஆக்டின் ஐந்தாவது வாரத்திலிருந்து மூன்று வாரம் தேர்வு. அந்த வாரங்களில் அவன் ஆட மாட்டான், சித்தி ஆடவும் விட மாட்டார். ஆக எட்டு வாரம் என்பது உண்மையில் ஐந்து வாரம். 3,40,000 எக்ஸ்பி, 29-ஆம் படி.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ கத்தி வராதாண்ணா?" என்றான்.

வராது. மிச்சம் இருக்கும் மூன்று வாரத்தில் 8,44,000 எக்ஸ்பி சேர்க்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 2,81,000. மேட்சாக மாற்றினால் 64, நேரமாக மாற்றினால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு முழுநேர வேலையின் அளவு அது. வாராந்தரப் பணிகள் கொஞ்சம் குறைக்கும், ஆனால் கல்லூரிக்குப் போய்க்கொண்டு அதைச் செய்ய முடியாது.

அந்தக் கணக்கு அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அடுத்து அவன் கேட்டதுதான் சரியான கேள்வி: "அப்போ 29 வரைக்கும் என்னென்ன இருக்குண்ணா?" இருவரும் பாஸ் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தோம். அவன் எப்போதும் வாண்டல் துப்பாக்கி எடுத்து ஆடுபவன். அந்த ஆக்டில் வாண்டல் ஸ்கின் 30-ஆம் படியில் இருந்தது, எட்டும் எட்டாத இடம். அதற்குக் கீழே அவன் விரும்பியது ஒரு பிளேயர் கார்டு. மற்றவை அவன் கையில் எடுக்காத துப்பாக்கிகளுக்கான ஸ்கின்கள்.

"இப்போ வாங்காதே. காசை வெச்சிரு. கடைசி வாரம் பாத்துக்கலாம்" என்றேன்.

பலருக்குத் தெரியாத விஷயம் இது. வாலரண்டில் பாஸை ஆக்டின் எந்த நாளில் வாங்கினாலும், அதுவரை ஏறிய படிகளில் உள்ள எல்லாமே ஒரேயடியாகக் கைக்கு வந்துவிடும். பாஸ் வாங்காமல் ஆடினாலும் எக்ஸ்பி சேர்ந்துகொண்டேதான் இருக்கும், இலவசப் பரிசுகளும் வந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் நாளே வாங்குவதில் இருக்கும் லாபம், ஸ்கினை சில வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்வது மட்டும்தான். கடைசியில் வாங்கினால் நாம் வாங்குவது கண்ணெதிரே இருக்கும் பொருளை, எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அப்போது ஊகம் இல்லை.

தேர்வு முடிந்து வந்தவனுக்குக் காத்திருந்த வாராந்தரப் பணிகள் உதவின. பின் வாரப் பணிகளுக்கு எக்ஸ்பி கூடுதல் என்பதால் கணக்கை விட இரண்டு படி மேலே, 31-ல் முடித்தான். வாண்டல் கிடைத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை பாஸ் வாங்கினான், இன்றும் அந்த ஸ்கின்தான் போட்டிருக்கிறான். ஒருவேளை 28-ல் நின்றிருந்தால் வாங்கியிருக்க மாட்டான், காசும் பையிலேயே இருந்திருக்கும்.

கடைசியில் வாங்குவது என்றால் கடைசி மணி நேரத்தில் வாங்குவது என்று அர்த்தம் இல்லை. பணம் கட்டியது நிலுவையில் நின்று, விபி வருவதற்குள் ஆக்ட் மாறிவிட்டால் அந்தப் பாஸ் போனது போனதுதான். இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்து வாங்குங்கள். எத்தனை நாள் பாக்கி என்பது பாஸ் பக்கத்திலேயே தெரியும். இன்னொன்று, 475 விபி பொதி இரண்டு வாங்கினால் 950தான் ஆகும், பாஸுக்கு 50 குறையும். கணக்கில் ஏற்கெனவே மிச்சம் இல்லையென்றால் நேராக 1,000 பொதியை எடுப்பதே சரி.

கடைசி நாட்களில் இன்னொரு பொத்தானும் கண்ணில் படும். எட்டாத படிகளைக் காசு கொடுத்து வாங்கலாம், ஒரு படிக்கு 300 விபி. 45-ல் நின்றவர் கத்திக்காக ஐந்து படி வாங்கினால் 1,500 விபி, பாஸின் விலையை விட அதிகம். 31-ல் நின்றவருக்கு 5,700. ஒரு படி குறையும்போது வேண்டுமானால் யோசிக்கலாம். அதற்கு மேல் போனால் கடையில் அதே காசுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

படி கணக்கு முடிந்த பிறகு பொருள் கணக்கு. இதில் நான் கடைவிலையோடு ஒப்பிடுவதில்லை. பாஸ் ஸ்கின்கள் தோற்றம் மட்டும் மாறியவை. கடையில் 1,775-க்கு விற்கும் ஸ்கின்களில் இருக்கும் சத்தம், அனிமேஷன், கடைசி ஆளைச் சுடும்போது வரும் காட்சி எதுவும் இவற்றில் இருக்காது. அதனால் 'மொத்த மதிப்பு இத்தனை ஆயிரம்' என்று யாராவது கூட்டிச் சொன்னால் அந்தக் கூட்டலுக்கு அர்த்தம் இல்லை. அதற்குப் பதிலாக என் கலெக்‌ஷனைத் திறந்து, முந்தைய இரண்டு பாஸ்களிலிருந்து இப்போது எது போட்டிருக்கிறேன் என்று பார்ப்பேன். ஒவ்வொரு பாஸிலும் முப்பது நாற்பது பொருள் வந்திருக்கும், நிலைத்து நிற்பது ஒன்றிரண்டு. ஸ்பிரேக்களும் பட்டப்பெயர்களும் வந்த வாரத்தோடு மறந்துவிடும். ஆக 1,000 விபியை அந்த ஒன்றிரண்டுக்குத்தான் கொடுக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, அந்த விலைக்கு அவை தகுமா என்று பார்ப்பேன். நீங்கள் ஷெரிஃப், வாண்டல், ஆபரேட்டர் மூன்றை மட்டுமே வாங்கி ஆடுபவர் என்றால், அந்த ஆக்டில் இவற்றுக்கு ஸ்கின் இல்லாவிட்டால் பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை.

எல்லா கேமிலும் பாஸ் இப்படி இல்லை. வாலரண்ட் பாஸ் முடித்தாலும் விபி திரும்ப வராது. ஃபோர்ட்நைட் பல ஆண்டுகள் வேறு விதமாக வைத்திருந்தது: பாஸ் 950 வி-பக்ஸ், எல்லாப் படிகளும் ஏறினால் 1,500 வி-பக்ஸ் திரும்பக் கிடைக்கும். பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயின் ராயல் பாஸிலும், அந்த கேமின் நாணயமான யூசி ஒரு பங்கு திரும்ப வரும். ஒரு தடவை காசு போட்டால் போதும், பிறகு எல்லா சீசனும் இலவசம் என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

தொடர்ந்து ஆடுபவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தக் காசு படிப்படியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இங்கே போட வேண்டிய கணக்கு, பாஸின் விலை எந்தப் படியில் திரும்ப வருகிறது, என் வேகத்தில் அந்தப் படியைத் தாண்டுவேனா என்பதுதான். கடைசிப் படி வரை போகத் தேவையில்லை. ஒரு சீசன் பாதியில் விட்டால் சங்கிலி அறுந்துவிடும், அடுத்த பாஸுக்கு மறுபடி கைக்காசு போட வேண்டும். திரும்ப வரும் நாணயமும் அந்த கேமுக்குள் மட்டும்தான் செல்லும்.

அந்தக் கடைசி விஷயத்தை இந்தியாவில் ஆடும் நாம் கூடுதலாக யோசிக்க வேண்டும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இங்கே தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானது. பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் சீசன் நடுவில் பாஸ் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அதனால் சலுகை என்று சொல்லி மொத்தமாக யூசி வாங்கி வைக்கும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த சீசனுக்கு வேண்டியதை மட்டும், வேண்டிய நேரத்தில் வாங்குங்கள்.

ராயல் பாஸில் கடைசி வாரம் வாங்கும் வழியும் அவ்வளவு சுத்தமாக ஒத்துவராது. காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் திறக்கும் எலைட் பணிகள் இருப்பதால், வாங்காமல் ஆடும்போது ஏறும் வேகம் குறைவாக இருக்கும். இப்படிப்பட்ட பாஸ்களில் சீசனின் நடுப்பகுதியில் முடிவெடுப்பது நல்லது. அதுவரை நம் வேகம் தெரிந்துவிடும், திறக்கும் பணிகளைச் செய்யவும் நாள் இருக்கும். புதிய கேம் எதுவானாலும் பாஸ் வாங்குமுன் மூன்றைத் தேடிப் பார்க்கிறேன்: தாமதமாக வாங்கினால் ஏறிய படிகளின் பரிசு கிடைக்குமா, காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் பணிகள் உண்டா, சீசன் முடிந்தால் மீதி என்ன ஆகும்.

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் தரும் கேம்களும் இருக்கின்றன. ஹேலோ இன்ஃபினிட்டில் வாங்கிய பாஸுக்குக் காலாவதியே இல்லை. மார்வெல் ரைவல்ஸிலும் சீசனுக்குள் வாங்கிவிட்டால், சீசன் முடிந்த பிறகும் மெதுவாக முடித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள், தேர்வு இருப்பவர்கள் எல்லாருக்கும் இது பெரிய விஷயம். அங்கே மேலே போட்ட எக்ஸ்பி கணக்கு எதுவும் தேவையில்லை, பொருள் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தேதி முடியும் பாஸ்களில் ஆட்டமே மாறிப்போவதையும் பார்த்திருக்கிறேன். வாலரண்டில் வாராந்தரப் பணி 'இத்தனை ஸ்பைக் வை அல்லது டிஃப்யூஸ் செய்', 'இத்தனை தடவை அல்டிமேட் பயன்படுத்து' என்று வரும். ஸ்பைக் என்பது வைத்து வெடிக்கச் செய்யும் குண்டு, அல்டிமேட் என்பது பாத்திரத்தின் பெரிய சக்தி. ஆக்டின் கடைசி வாரத்தில் அல்டிமேட்டை எண்ணிக்கைக்காக வீணாக்குகிறவர்கள், இன்னும் ஒரு எதிரி உயிரோடு இருக்கும்போதே ஸ்பைக்குக்கு ஓடுகிறவர்கள் எங்கள் குழுவிலும் வருவார்கள். காம்பெடிடிவில் அது மற்ற நால்வரின் ரவுண்டைக் கெடுக்கும். பணிகளை முடிக்க வேண்டும் என்றால் ஸ்பைக் ரஷ்ஷில் முடியுங்கள். அங்கே தாக்கும் அணியில் எல்லார் கையிலும் ஸ்பைக் இருக்கும், ரவுண்டும் சின்னது, யாருக்கும் ரேங்க் போகாது.

பெற்றோர் யாராவது பிள்ளை பாஸ் கேட்கிறான் என்று என்னிடம் கேட்டால், பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள் என்கிறேன். இரண்டு வாரம் ஆடட்டும், படியை எக்ஸ்பியாக மாற்றட்டும், தேர்வு வாரங்களைக் கழிக்கட்டும், எங்கே நிற்பேன் என்று எழுதிக் காட்டட்டும். என் சித்தி மகன் இப்போது ஒவ்வொரு ஆக்டிலும் அந்தத் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். போன ஆக்டில் அவன் கணக்கு 33 என்று காட்டியது, அவன் விரும்பிய ஃபேண்டம் துப்பாக்கியின் ஸ்கின் 38-ல் இருந்தது. வாங்கவில்லை.